சாயாத எழுத்து

சென்ற கிழமை புத்தூரில் நமக்கு அறிமுகமான வீடொன்றிற்குச் சென்றிருந்தோம். அயலவர் பலர் கூடி நீரள்ளும் கிணற்றின் கட்டிலே புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. அவ்வீட்டு மாணவன் கணனியிலே தட்டி அச்சிட்டது அது. நீரைச் சோதித்தபோது நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பது தெரியவந்ததாம். தோட்டங்களுக்கு இடும் உரம் நமது சுண்ணக்கற் பூமியினூடே கசிந்து கிணறுகளை அடைவது யாழ்ப்பாணத்தார் அறியாததன்று. கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று அகலாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

ஆதலின் அம்மாணவன், "இந்நீரைக் கொதிக்கவைத்தும் குழந்தைகளுக்குக் கொடுக்கவேண்டாம்" என்று எழுதியிருந்தான். வாக்கியத்திற் பிழையில்லை. ஆனால் "கொதிக்கவைத்து" என்னும் பகுதியை மாத்திரம் தடித்த எழுத்தாக்கி, அதனைச் சாய்த்தும் விட்டிருந்தான். நீரள்ள வந்த ஆச்சி ஒருவர் நாலடி தள்ளி நின்று அதனை வாசித்துவிட்டு, "கொதிக்கவைச்சுக் கொடுக்கட்டாம்" என்று தம் மருமகளுக்குச் சொன்னார். நாம் திடுக்கிட்டோம். அறிவித்தல் சொன்னதற்கு நேர்மாறான பொருள் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது!

பிழை ஆச்சியின் கண்ணில் இல்லை. அது எங்கே இருந்தது என்பதை மாணவனோடு அமர்ந்து ஆராய்ந்தோம்.

முதலாவது, சாய்வு. இவ்வழக்கம் நமக்கு உரோம எழுத்திலிருந்து வந்தது. வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசு என்னும் அச்சகத்தார் 1501 ஆம் ஆண்டில் வெர்சில் என்னும் கவியின் நூலைச் சாய்வெழுத்தில் வெளியிட்டார். அக்காலக் கற்றோரின் விரைவான கையெழுத்தைப் பார்த்து வெட்டப்பட்ட எழுத்து அது. முதலில் நூல் முழுவதும் அவ்வெழுத்திலேயே அச்சாயிற்று. ஒரு சொல்லை அழுத்திக் காட்டுவதற்கு அதனைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னரே தோன்றியது. அங்கே சாய்வெழுத்து வேறொரு கையின் எழுத்து. அதன் வடிவமே வேறு. தமிழில் அவ்வாறு நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாக நிலைபெற்ற இரண்டாவது கை எதுவுமில்லை. கணனி செய்வதெல்லாம் நிமிர்ந்த எழுத்தை 12 முதல் 20 பாகை வரை தள்ளிச் சரிப்பதே.

சரித்தால் என்ன கேடு? மெய்யெழுத்தின் தலைமேலுள்ள குற்று, அதாவது புள்ளி, வலப்புறம் நகர்ந்து தன் எழுத்தைவிட்டு அடுத்த எழுத்தை நாடும். நமது எழுத்துக்களில் நேர்கோடுகள் பல. அரவுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடே அடியிலுள்ள சிறு சரிவுதான். எல்லாமே சரிந்து நின்றால் அச்சரிவு கண்ணுக்கு எடுபடாது. கையிலுள்ள புத்தகத்தில் இதனைப் பொறுக்கலாம். கிணற்றுக் கட்டில் பொறுக்கலாகாது.

இரண்டாவது, தடிப்பு. தமிழுக்கு மிகப் பொருந்தும் வழி இதுவே. ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. "வேண்டாம்" என்பதிலுள்ள நெட்டெழுத்துக் கொம்பைப் பாருங்கள். கீழே ஒரு சுழி, மேலே ஒரு சுழி. சிறிய எழுத்தை மிகத் தடிக்கச் செய்தால் மேற்சுழி மையால் அடைபட்டு, "வே" என்பது "வெ" போலத் தோன்றும். ணகரத்தின் சுழிகளும் அவ்வாறே அடைபடும். சோதிப்பது எளிது: அச்சிட்ட தாளை வாசிக்கப்படும் தூரத்தில் வைத்துச் சுழிகளுக்குள் வெள்ளை தெரிகின்றதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தடிப்பைக் குறைக்கவேண்டும், அன்றேல் எழுத்தைப் பெரிதாக்கவேண்டும்.

இதனினும் பெரிய பிழை, எவ்வளவைத் தடிப்பாக்குவது என்பதிலே நேர்ந்தது. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் தனியே நிற்கும். தமிழிலோ சொல்லின் ஈற்றிலேயே பொருள் திரும்பும். "கொதிக்கவைத்து" என்றால் ஒரு பொருள். "கொதிக்கவைத்தும்" என்றால் வேறு பொருள். இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு மகரமெய் மாத்திரமே. மாணவன் தடிப்பாக்காது விட்டதும் அந்த மகரமெய்யையே! கண் தடித்த பகுதியைக் கவ்விக்கொண்டது. மெலிந்த ஈறு கண்ணிற் படவில்லை. ஆதலின் நாம் சொல்லும் விதி இது: தமிழிற் சொல்லைப் பிளந்து அழுத்தலாகாது, உருபும் உம்மையும் உட்பட முழுச்சொல்லையும் அழுத்தவேண்டும். பிளக்க நினைத்தாலும் பல இடங்களில் இயலாது. "புத்தூரில்" என்பதில் ஊர்ப்பெயரை மட்டும் தடிப்பாக்க முயன்று பாருங்கள். ரகரமெய்யும் இகரமும் கூடி "ரி" என்னும் ஓரெழுத்தாகிவிட்டன. அதனை எங்கே வெட்டுவது?

மாணவன் விடவில்லை. "எழுத்துக்களுக்கு இடையே இடைவெளி விட்டால் என்ன?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சாய்வெழுத்தில்லாத பழைய சேர்மன் அச்சில் அழுத்தம் காட்டியது அவ்வகையாலேயே. ஆனால் அவன் தட்டியது பாமினி எழுத்துருவில். அதிலே கொம்பு ஓர் எழுத்து, ககரம் ஓர் எழுத்து, அரவு ஓர் எழுத்து. இடைவெளி விட்டவுடன் "கொ" என்பது மூன்று துண்டாகிச் சிதறியது. யூனிக்கோட்டு எழுத்துருவில் உயிர்மெய் சிதறாது நிற்பதே முறை. அங்கும் நீண்ட தமிழ்ச் சொற்களை விரித்தால் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது மயங்கும். ஓரிரு சொல்லுள்ள தலைப்புக்கு இடைவெளி ஆகும். வாக்கியத்தின் நடுவே ஆகாது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சிவப்பு மை வெயிலில் வெளிறும். கறுப்பு மையிற் படி எடுத்தால் வேறுபாடே மறையும். சிவப்பைப் பிரித்தறியாத கண்களும் உண்டு. நிறம் தடிப்புக்குத் துணையாகலாம். தனித்து நின்று காவாது. பெரிய எழுத்தும் வரியின் நடுவே வந்தால் நன்றன்று. நமது எழுத்துக்கள் மேலே "நீ" என்றும் கீழே "கு" என்றும் நீள்வன. அடுத்த வரியோடு முட்டும். தனி வரியில் வைத்தால் அப்பெருமை பயன்தரும்.

இறுதியாக வாக்கியத்தையே திருத்தினோம். அச்சு வருமுன்னரே தமிழுக்கு அழுத்தம் காட்டும் வழிகள் இருந்தன. தேற்றேகாரத்தையும் பிரிநிலை ஏகாரத்தையும் நன்னூல் படித்த மாணவர் அறிவர். சொல்லை நிறுத்தும் இடமும் ஒரு வழி. தடிப்பு அவற்றுக்குத் துணையேயன்றி மாற்றன்று. ஆகவே ஒரே வாக்கியத்தில் இரண்டு செய்தியைத் திணியாமல் மூன்று வரியாக்கினோம்:

இந்நீரைக் குழந்தைகளுக்குக்
கொடுக்கவேண்டாம்.
கொதிக்கவைத்தாலும் தீமை நீங்காது.

நடுவரியை மாத்திரம் பெரிதாக்கித் தடிப்பாக்கினோம். மற்றவை நிமிர்ந்த சாதாரண எழுத்திலேயே இருந்தன. பழைய தாளைக் கிழித்துப் புதியதை ஒட்டிவிட்டு ஆச்சியை அழைத்துவரச் செய்தோம். அவர் அதே நாலடி தள்ளி நின்று வாசித்தார். பின்பு மருமகளை நோக்கி, "பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதாம். காய்ச்சினாலும் கூடாதாம்" என்றார். வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு மருமகள் வேறு கிணற்றுக்கு நடந்தார்.