நெல்லை வாங்கிய அரசும் நிரம்பிய கிடங்கும்

விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கவேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அதை அரசு எந்த வழியில் கொடுக்கிறது என்பதே கேள்வி. இதை மாணவர்களுக்கு விளக்க நான் எடுத்துக்கொள்வது தாய்லாந்தின் அனுபவம்.

2011 அக்டோபரில் யிங்லக் ஷினவாத் அரசு, டன்னுக்கு 15,000 பாட் விலையில் நெல்லை வாங்கத் தொடங்கியது. அது சந்தை விலையைவிட ஏறக்குறைய பாதி அதிகம். சந்தை விலை 10,000 பாட் என்று வைத்துக்கொள்வோம். 15,000 கொடுக்க எந்த வியாபாரியும் வரமாட்டார்; நெல் அரசுக் கிடங்குக்கே போகும். பிறகு சந்தை விலைக்கே விற்றாலும் டன்னுக்கு 5,000 பாட் நட்டம். அரைவைக் கூலி, கிடங்கு வாடகை, வட்டி எல்லாம் தனி.

அரிசியை விற்காமல் வைத்திருந்தால் உலக விலை ஏறும் என்று அரசு நம்பியது. ஆனால் அதே ஆண்டு இந்தியா மீண்டும் சாதா அரிசியை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது, விலை ஏறவில்லை. 2012இல் தாய்லாந்து ஏற்றுமதியில் முதலிடத்தை இழந்தது. 2014 தொடக்கத்தில், நெல்லைக் கொடுத்த விவசாயிகளே பணத்துக்காகப் பல மாதம் காத்திருந்தனர். அந்த ஆண்டு ஆட்சி மாறியபோது கிடங்குகளில் சுமார் 1 கோடியே 80 லட்சம் டன் அரிசி இருந்தது. கெட்டுப்போன அரிசி பின்னர் கால்நடைத் தீவனமாக விற்கப்பட்டது.

முந்தைய அபிசித் அரசு நெல்லை வாங்காமல், விலை வித்தியாசத்தை மட்டும் விவசாயிக்குக் கொடுத்தது. நம் கணக்கில் அதற்கும் 5,000 பாட் செலவாகும். சந்தை விலை சரிந்தால் செலவு கூடும். ஆனால் நெல் சந்தையிலேயே விற்றுப்போகும், கிடங்கில் மக்கிப்போகாது. என் பார்வையில், இரண்டில் அதுவே பரவாயில்லை.