கதைக்கு ஒரு வேலை கொடுங்கள்

வணிகக் கூட்டத்தில் சொந்தக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் கதையை முதலில் எடுத்துக்கொண்டு கருத்தைப் பிறகு தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஸ்டார்பக்ஸை வளர்த்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தன் தந்தையைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். டெலிவரி ஓட்டுநரான தந்தை பனியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். காப்பீடும் இல்லை, இழப்பீடும் இல்லை. ஹோவர்டுக்கு அப்போது ஏழு வயது. 1988இல் பகுதிநேர ஊழியர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தது அவருடைய நிறுவனம். அந்த முடிவுக்குக் காரணம் சொல்வதுதான் கதையின் வேலை. அதனால் விழுந்ததும், காப்பீடு இல்லாததும், பார்த்துக்கொண்டிருந்த சிறுவனும் போதும். குடும்பம் வாழ்ந்த குடியிருப்பு, தந்தை பார்த்த மற்ற வேலைகள் எல்லாம் உண்மையானாலும் இங்கே சுமைதான். பத்து நிமிடப் பேச்சில் இதற்கு ஒரு நிமிடம் தாராளம். முதலில் "ஆகவே இந்த முடிவை எடுத்தோம்" என்ற வாக்கியத்தை எழுதுங்கள். அதைத் தாங்காத விவரத்தை அடித்துவிட்டு, கடிகாரத்தை வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு கேட்ட ஒருவரிடம் என்ன புரிந்தது என்று விசாரியுங்கள். "பாவம், உங்கள் அப்பா" என்றால் கதை மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. காப்பீட்டைப் பற்றிக் கேள்வி கேட்டால் பேச்சே போய்ச் சேர்ந்துவிட்டது.