பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்து

தனியார் மருத்துவமனை ஒன்றின் ஒப்புதல் படிவத்தை வாசகி ஒருவர் நமக்கு அனுப்பியிருக்கிறார். பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர். படிவம் முழுக்க ஆங்கிலம். அறுவைசிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய கோடு காலி. அடியில் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி, அதன் மேல் கணவரின் தமிழ்க் கையெழுத்து. நினைவோடு இருந்த நோயாளியிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவே இல்லை. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, "எல்லாருக்கும் இதே ஃபார்ம்தான், போடுங்க சார்" என்றாராம் நர்ஸ்.

'என்ன நேர்ந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல' என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. கவனக்குறைவு நிரூபணமானால் அந்த வரி நீதிமன்றத்தில் நிற்காது. நோயாளியை மிரட்ட மட்டுமே அது பயன்படும்.

சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் கிடந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. வெளியே காத்திருந்த தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும். சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள், மறுத்தால் வரும் விளைவு எல்லாம் தெரிந்து கொடுப்பதுதான் சம்மதம்.

இதைத் தமிழில் எழுதுவது அவ்வளவு கடினமா? 'வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் போட்டுப் பித்தப்பையையே எடுத்துவிடுவோம்.' கல்லை மட்டும்தான் எடுப்பார்கள் என்று நம்பி வருகிறவர்கள் ஏராளம். 'உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம். ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளம் காயப்படலாம்; அதைச் சரிசெய்ய இன்னொரு பெரிய அறுவை தேவைப்படலாம். வீடு திரும்பிய பின் கண் மஞ்சளானால், காய்ச்சலோ வயிற்றுவலியோ கூடினால் உடனே வாருங்கள்.' 'அபூர்வமான சிக்கல்கள்' என்று மழுப்பினால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

மாற்று வழிக்கு இந்தப் படிவத்தில் இடமே இல்லை. வலியே இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை வேண்டியதில்லை. வலி வந்து போனவர் தள்ளிப்போட்டால் வலி திரும்பலாம், கணையம் வீங்கலாம். இரண்டையும் சொல்ல வேண்டும். முதலாவதைச் சொன்னால் வருமானம் குறையும் என்பது நம் சந்தேகம்.

படிவத்தை உடனே மாற்ற வேண்டும். உறுதிமொழி வரிகள் நோயாளியின் வாயில் வரும் பேச்சாக இருக்கட்டும்: 'எனக்குத் தமிழில் விளக்கினார்கள். கேள்வி கேட்டேன், பதில் கிடைத்தது. உயிருக்கு ஆபத்து என்றாலொழிய வேறு உறுப்பை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. மயக்க மருந்து தரும்வரை மனம் மாற எனக்கு உரிமை உண்டு.' விளக்கிய டாக்டரும் பெயர், தேதி, மணி எழுதிக் கையெழுத்திட வேண்டும். திட்டமிட்ட அறுவை என்றால் முந்தைய நாளே படிவத்தைக் கொடுங்கள். ஒரு நகல் நோயாளியிடம் இருக்கட்டும். அந்தப் பென்சிலைத் தியேட்டர் வாசலிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.