குறைவுபட்ட ஆவணங்கள்



மருத்துவமனையில் செலுத்திய பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு, "ஆவணங்கள் குறைவாக உள்ளன" என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வருவதுண்டு. பணம் கிடைக்காது என்று எண்ணி, அதை அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் அநேகர். அது நிராகரிப்பு அன்று. எந்தத் தாள், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்கிற கேள்வியே.

ஓர் எடுத்துக்காட்டைக் கவனியுங்கள். மும்பையில் ஒரு சகோதரிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை நடந்து, 62,400 ரூபாய் செலவானது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 3ஆம் தேதியிட்ட கடிதம் அவருடைய கணவரிடம் நான்கு காரியங்களைக் கேட்கிறது: முத்திரையும் கையொப்பமும் உள்ள அசல் டிஸ்சார்ஜ் சம்மரி, 9,800 ரூபாய் மருந்து ரசீதுகளுக்குரிய மருத்துவரின் சீட்டுகள், முதன்முதல் மருத்துவரைக் கண்டபோது எழுதப்பட்ட சீட்டும் ஸ்கேன் அறிக்கையும், பெயர் அச்சிடப்பட்ட, ரத்து செய்யப்பட்ட காசோலை. கடைசி நாள் ஜூன் 18.

இவற்றுள் மூன்றாவதே மிக முக்கியமானது. பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு ஆண்டு காத்திருப்புக் காலம் உண்டு. நோய் எப்போது தொடங்கியது என்பதை அந்த முதல் சீட்டிலிருந்தே அதிகாரி அறிகிறார். "மூன்று மாதங்களாக வலி" என்பது "மூன்று வருடங்களாக" என்று தவறாக எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு சொல்லே முழுத் தொகையையும் இழக்கச் செய்யக்கூடும். ஆகவே அனுப்புமுன் வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் நீங்கள் திருத்தாதிருங்கள். அந்த மருத்துவரே திருத்திக் கையொப்பமிட்டு, முத்திரையிட்டுத் தரவேண்டும்.

பதில் அனுப்பும்போது பழைய கட்டு முழுவதையும் மறுபடியும் அனுப்பவேண்டாம். கிளைம் எண்ணை மேலே எழுதி, கடிதத்திலுள்ள அதே வரிசையில் நான்கையும் இணையுங்கள். எல்லாவற்றிற்கும் நகல் வைத்துக்கொண்டு, நேரில் கொடுத்தால் தேதி முத்திரையோடு ஒப்புகையும், ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் அதன் ரசீதும் பெற்றுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை அசல் சம்மரியைத் தரத் தாமதித்தால் என்ன செய்வது? கிடைத்த மூன்றையும் ஜூன் 18க்கு முன்னே அனுப்பி, நான்காவதற்கு அவகாசம் கேட்டு எழுதுங்கள். மருத்துவமனைக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலையும் இணையுங்கள். தவிர்க்கமுடியாத காரணத்தால் தாமதமான நியாயமான கிளைமைத் தாமதத்தை மாத்திரம் காட்டி நிராகரிக்கலாகாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மௌனமாயிருப்பவருக்கோ அந்தப் பாதுகாப்பைக் கேட்பது கடினம்.

எல்லாம் கொடுத்தும் நிராகரித்தால், முதலாவது நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே உங்களுக்காகப் பேசுவது, நீங்கள் பத்திரப்படுத்திய அந்த ஒப்புகைச் சீட்டே.