பிளேன் ஏறும்வரை வாயைத் திறக்காதே

எங்கள் கோவளத்தில் ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டில் முதுகலை படிக்க உதவித்தொகை கிடைத்திருக்கிறது. நன்றி சொல்லி நாலு வரி எழுத உட்கார்ந்தவளைத் தாய்மாமன் அடக்கிவிட்டார். "பிளேன் ஏறும்வரை வாயைத் திறக்காதே. ஊர்க்கண் பொல்லாதது. தம்பட்டம் நம்ம வீட்டுப் பழக்கம் இல்லை." இதே மாமாதான் தன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு ஈ.சி.ஆர். ஓரத்தில் பிளெக்ஸ் வைத்தவர். அதில் பெண்ணின் படம் தபால்தலை அளவு, கட்சிக்காரர் படம் ஆள் உயரம். அன்றைக்கு ஊருக்குக் கண் தெரியவில்லை போலும்.

சொல்லாமல் இருப்பதுதான் அடக்கமாம். அப்படியானால் ராமானுஜன் அடக்கமில்லாதவர். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், சென்னைப் பல்கலைக்கழகம் தந்த ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையில் 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். நோயோடு இங்கிலாந்தில் இருந்தபோது, அதே பல்கலைக்கழகம் மறுபடி ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. 1919 ஜனவரியில் பதிவாளருக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில் அவர் கணக்கை மறைக்கவில்லை. ஆண்டுக்கு 50 பவுண்டு பெற்றோருக்குப் போகட்டும், என் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் கொடுங்கள் என்றார். தொகை இருக்கிறது, யாருக்கு என்பதும் இருக்கிறது. இதில் தம்பட்டம் எங்கே, மாமா?

பொறுக்க வேண்டியது ஒன்றுக்காகத்தான்: கையில் வரும் ஆணைக் கடிதம். 2025இல் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி வந்தால் பார்க்கலாம் என்று பதில். அவர்கள் தலையில் விழுந்தது திருஷ்டி இல்லை, டெல்லி.

கடிதம் வந்தபின் ஒளித்தால் நஷ்டம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. எந்தத் திட்டம், விண்ணப்பம் எந்த மாதம், கல்விக் கட்டணம் போக விசா செலவையும் முதல் மாத வாடகையையும் யார் கட்டுவது என்று அவளிடம் கேட்கத் தெரிந்தால்தானே அவனும் போடுவான்? "எல்லாம் ஆண்டவன் செயல், எளியேனுக்குக் கிடைத்த பேறு" என்று எழுதுவதைப் பணிவு என்கிறார்கள். ஆண்டவனா பரிந்துரைக் கடிதம் எழுதினார்? கட்டுரையை மூன்று முறை திருத்தி, மூன்றாம் பத்தியைத் தூக்கிப் போடு என்று சொன்ன கல்லூரி ஆசிரியைக்கு அந்த வரியில் இடமே இல்லை. ராமானுஜன் மாதிரி விவரமாக எழுது என்றால் அகம்பாவம் என்கிறார்கள். ஒன்றும் சொல்லாத 'எளியேன்' மட்டும் எப்படியோ கைதட்டு வாங்கிவிடுகிறார்.

வீட்டாருக்கு நன்றி என்றதும் தாலிக்கொடி அடகுக் கதையை எடுத்துவிடும் பழக்கம் வேறு. அம்மாவைக் கேட்காமல் அவர் கடனை ஊருக்குச் சொல்ல நீ யார்? முகவர் கமிஷன், பாஸ்போர்ட்டுக்கான அலைச்சல், பேங்க் மேனேஜரின் முகச்சுளிப்பு எல்லாவற்றையும் தாங்கியவர் அப்பா என்றால் அதை எழுது, அவர் சம்மதித்தால். ராமானுஜன் கடிதத்தில் அம்மாவின் கண்ணீர் கிடையாது, 50 பவுண்டு இருக்கிறது.