காணாமல் போன புள்ளி

பெங்காலான் வெல்ட் பக்கம் ஃபெரிக்குப் போகிறவர்கள் எங்கள் அலுவலகத்தை அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள். பழைய கடைவீட்டின் மாடி. சரக்கு அனுப்பும் தொழில். அங்கே இன்னும் ஒரு தொலைநகல் இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சுங்கை பட்டாணியில் இருக்கும் ஒரு சிறு தொழிற்சாலை, பெட்டிக் கணக்குப் பட்டியலை இன்றைக்கும் அதில்தான் அனுப்புகிறது. முதலாளிக்கு எழுபது வயது. மின்னஞ்சல் என்றால், "தம்பி, அதெல்லாம் மகன் பார்த்துக்குவான்" என்பார். மகன் கோலாலம்பூரில்.

சென்ற மாதம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு வேலை செய்தாள். தொலைநகல் படத்தைக் கணினிக்குள் எடுத்து, டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்துவிட்டாள்.

```
tesseract fax.png fax --psm 6 tsv
```

இந்தக் கட்டளை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி வரியில் தரும். கூடவே conf என்ற தலைப்பின் கீழ் 100க்கு இத்தனை என்று ஒரு நம்பிக்கை எண்ணும் வரும். அவள் நினைத்தது இதுதான்: 80க்குக் கீழே இருப்பதை மட்டும் நாம் பார்ப்போம், மற்றதை அப்படியே தாளில் ஏற்றிவிடலாம்.

"அண்ணே, எல்லாமே 90க்கு மேல இருக்கு. நாம பார்க்கவே வேண்டாம்" என்றாள்.

நான் முதலில் பார்த்தது அந்த எண்களை அல்ல, படத்தின் உயரத்தை. தொலைநகலில் ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள்; அது மாறாது. ஆனால் மேலிருந்து கீழாக எத்தனை வரி என்பது அனுப்புகிறவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதைப் பொறுத்தது. சாதாரண முறையில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரி, நுண் முறையில் 7.7 வரி. ஏ4 தாளுக்கு ஏறத்தாழ 1,140 வரி வந்தால் சாதாரணம், 2,280 வந்தால் நுண்மை. எங்கள் படம் முதல் வகை.

இதை இப்படி எண்ணிப் பாருங்கள். பட்டியலில் இருக்கும் சிறிய எழுத்து எட்டுப் புள்ளி அளவு. அந்த அளவில் ஓர் இலக்கத்தின் உயரம் சுமார் 2 மில்லிமீட்டர். நல்ல 300 டிபிஐ ஸ்கேனில் அந்த உயரத்துக்கு 23 வரி கிடைக்கும். நம்முடைய தொலைநகலில் 8 வரிகூட முழுதாக இல்லை. 3க்கும் 8க்கும் உள்ள வேற்றுமை இடப்பக்கம் திறந்திருக்கும் இரண்டு வாய்கள்தான். ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றிரண்டு வரி மட்டுமே மிச்சம். அதிலும் சாம்பல் நிறம் கிடையாது. ஒரு புள்ளி கறுப்பு அல்லது வெள்ளை. மையில் ஒரு துளி கசிந்தால் வாய் மூடிக்கொள்ளும்.

படம் சப்பையாக இருப்பதால் நெடுக்கில் இரண்டு மடங்கு இழுத்துவிட்டுத்தான் மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். அவள் அதைச் செய்திருந்தாள். நல்லதுதான். ஆனால் கஞ்சியில் தண்ணீர் ஊற்றினால் கஞ்சி கூடும், சோறு கூடாது. வந்து சேராத வரியை இழுத்து வரவழைக்க முடியாது.

அப்படியானால் 90 என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? தனக்குத் தெரிந்த வடிவங்களில் எது இந்தக் கறைக்கு நெருக்கம் என்பதைத்தான் மென்பொருள் சொல்கிறது. தாளில் உண்மையில் என்ன அச்சாகியிருந்தது என்று அதற்குத் தெரியாது. வாய் முழுதாக மூடிப்போன 3 அதன் கண்ணுக்கு அழகான 8தான்; எனவே தயங்காமல் சொல்லும். சொற்களில் இந்த ஆபத்து குறைவு. CARTONS என்பதில் ஓரெழுத்து சிதைந்தாலும் பக்கத்து எழுத்துகள் காப்பாற்றிவிடும். எண்ணுக்கு அப்படி அக்கம்பக்கத்தார் கிடையாது. அதனால் சொற்களின் மதிப்பெண்ணைப் பார்த்து எண்களை நம்பக் கூடாது.

சரி, அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். ஐந்து வரிசை. ஒவ்வொன்றிலும் பெட்டிகளின் எண்ணிக்கை, ஒரு பெட்டியின் எடை, மொத்த எடை, தொகுதி எண். அடியில் கூட்டுத்தொகை: 149 பெட்டி, 2,240.0 கிலோ. மென்பொருள் வாசித்தது இது:

```
40   12.0   480.0
25   164    4100
30   13.8   414.0
36   13.5   666.0
18   15.0   270.0
```

"பெருக்கிப் பார்ம்மா" என்றேன். முதல் வரிசை சரி. நான்காவது இடித்தது. 36ஐ 13.5ஆல் பெருக்கினால் 486, தாளில் 666. 666ஐ 36ஆல் வகுத்தால் 18.5. ஆக 8தான் வாய் பிளந்து 3 ஆகியிருக்கிறது. மதிப்பெண் என்ன தெரியுமா? 91.

"இரண்டாவது வரிசை ஒத்துப்போகுதுண்ணே. 25 பெருக்கல் 164, 4,100" என்றாள்.

ஒத்துப்போகத்தான் செய்தது. எனக்கு ஒரு கணம் தடுமாறிவிட்டது. பிறகு நெடுக்கே கூட்டினோம். 5,930 வந்தது. தாளில் 2,240. வித்தியாசம் 3,690. நான் வேலை பழகிய காலத்தில் ஒரு கணக்கப்பிள்ளை ஐயா சொல்லிக் கொடுத்தது: கணக்கு இடித்தால் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார், மிச்சமில்லாமல் போனால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், அல்லது புள்ளி நகர்ந்திருக்கலாம். 3,690ஐ 9ஆல் வகுத்தால் 410. இரண்டாம் வரிசையின் 4100, உண்மையில் 410.0. எடை 164 அல்ல, 16.4.

ஏன் இரண்டு புள்ளிகளும் சேர்ந்து போயின? தசமப் புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர்கூட இராது. சாதாரண முறையில் அது ஒரே ஒரு வரி. தொலைபேசிக் கம்பியில் சத்தம் வந்து ஒரு வரி கெட்டுப்போனால், பல இயந்திரங்கள் அதற்கு முந்தைய வரியையே மறுபடி போட்டு ஒப்பேற்றிவிடும். முந்தைய வரியில் இலக்கங்களின் கால்கள் இருக்கும், புள்ளி இராது. ஆகவே இலக்கங்கள் முழுசாகத் தெரியும். அந்த வரிசையில் இருந்த எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக மறையும். பெருக்கல் சோதனை அதைப் பிடிக்காது, ஏனென்றால் தப்பு இரண்டு பக்கமும் சமமாக நடந்திருக்கிறது. கறை இல்லாத சுத்தமான 164 என்பதால் மதிப்பெண்ணும் எகிறியிருந்தது: 94.

குறுக்கே பெருக்கு, நெடுக்கே கூட்டு. இரண்டில் ஒன்று போதாது.

கொள்கலன் எண்ணுக்கு வேறொரு வசதி உண்டு. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். பாடப் புத்தகங்களில் எடுத்துக்காட்டாக வரும் CSQU3054383 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்கு ஒரு மதிப்பு உண்டு: C 13, S 30, Q 28, U 32. அந்த நான்கையும் அடுத்த ஆறு இலக்கங்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை போய்ப் பெருக்கிக் கூட்டினால் 6,185. அதை 11ஆல் வகுத்தால் மிச்சம் 3. கடைசி இலக்கமும் 3. கடைசிக்கு முந்தைய 8ஐ மென்பொருள் 3 என்று வாசித்திருந்தால் கூட்டுத்தொகை 3,625, மிச்சம் 6. உடனே காட்டிக்கொடுத்துவிடும். மிச்சம் 10 வந்தாலும் 0 என்றே எழுதுவார்கள் என்பதால் 0இல் முடியும் எண்களில் மட்டும் கொஞ்சம் ஓட்டை இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். 2016 ஜூலை 1 முதல், நிரப்பிய கொள்கலனின் சரிபார்த்த மொத்த எடையைத் தராமல் கப்பலில் ஏற்ற முடியாது. சரக்கின் எடைகளைக் கூட்டி, வெறும் கொள்கலனின் எடையைச் சேர்த்துத் தருவது அனுமதிக்கப்பட்ட வழிகளில் ஒன்று. நாங்கள் அந்த வழிக்காரர்கள். பட்டியலில் 3.7 டன் வானத்திலிருந்து விழுந்தால் அது நேராக அந்தத் தாளுக்குப் போகும்.

தொகுதி எண்தான் தலைவலி. அதைப் பெருக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. ஐந்தாம் வரிசையில் 5061 என்று வந்தது, மதிப்பெண் 96. படத்தை நெடுக்கில் இழுத்து ஒருமுறை, ஓரங்களை மழுக்கி ஒருமுறை என்று இருதரம் வாசிக்கவைத்தோம். இரண்டிலும் 5061. இரண்டு தடவை வித்தியாசமாக வந்தால் சந்தேகம் உறுதி; ஒரே மாதிரி வந்தால் எதுவும் உறுதியில்லை, ஏனென்றால் இரண்டும் பார்த்தது அதே கெட்டுப்போன படத்தை.

இப்போது நாங்கள் கட்டங்களுக்கு நிறம் போடுகிறோம். பெருக்கலும் கூட்டலும் ஒப்புக்கொண்ட கட்டம் வெள்ளை, மதிப்பெண் என்னவாக இருந்தாலும். கணக்கு இடித்தது சிவப்பு. அதில் எண்ணே எழுதுவதில்லை, வெறுமையாக விட்டு, பக்கத்தில் தொலைநகலில் இருந்து வெட்டிய துண்டுப் படத்தை ஒட்டிவைக்கிறோம். 18.5 என்று கணக்கிலிருந்து நாமே கண்டுபிடித்ததையும் குறிப்பில்தான் எழுதுகிறோம், கட்டத்தில் இல்லை. ஏற்றிவிட்டால் நாளைக்கு யாருக்கும் அது ஊகம் என்று தெரியாது. சோதிக்க வழியே இல்லாத கட்டம் மஞ்சள். முதல் வாரம் அவள் பொருள் பெயர், முகவரி என்று எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசினாள். தாள் குங்குமப்பூச் சோறு மாதிரி ஆகி யாருமே பார்க்கவில்லை. எடை, எண்ணிக்கை, கொள்கலன் எண், தொகுதி எண், இவை நான்கோடு நிறுத்திக்கொண்டோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர், செராக்ஸ் நிறுவனத்தின் சில நகல் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 21.11, 17.42 என்று இருந்த அறைகளின் பரப்பளவும் 14.13 என்று வந்தது. அங்கே எழுத்துணரி எதுவும் ஓடவில்லை. கோப்பைச் சுருக்கும் முறை, ஒத்த வடிவங்கள் என்று நினைத்து ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்துவிட்டது. எண்களோ பளிச்சென்று இருந்தன. அதைப் படித்த பிறகு எனக்குத் தொலைநகலின் அழுக்கு முகத்தின் மேல் ஒரு மரியாதை. அது சிதைந்திருப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது.

மஞ்சள் கட்டத்துக்குத் தொலைபேசிதான் மருந்து. அவள் எடுத்து, "ஐயா, கடைசித் தொகுதி எண் 5061தானே?" என்று கேட்கப் போனாள். தடுத்தேன். அப்படிக் கேட்டால் அவசரத்தில் இருக்கிற மனிதர் "ஆமா, ஆமா" என்பார். "கடைசி வரிசையோட தொகுதி எண்ணைக் கொஞ்சம் வாசிங்க ஐயா" என்று கேட்கச் சொன்னேன். எண்ணை வாசித்தது கிடங்கில் இருந்த மலாய்க்காரர். "எனாம், கொசோங், எனாம், சத்து."

6061. அவள் மஞ்சளை அழித்து, யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் எழுதினாள். போனை வைக்கும் முன் முதலாளியைக் கூப்பிடச் சொல்லி, இயந்திரத்தில் 'ஃபைன்' என்று ஒரு பொத்தான் இருக்கும், இனி அதை அழுத்திவிட்டு அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டாள். அடுத்த பட்டியல் வந்து முடிய இரண்டு பங்கு நேரம் பிடித்தது. புள்ளிகள் அத்தனையும் இருந்தன.