டியூஷன் ஆசிரியர் பேஸ்புக்கில் எப்போது எழுத வேண்டும்?

வாரம் மூன்று நாள் போதும். இரவு 10 மணிக்கு மேல் வேண்டாம்

முன்பெல்லாம் டியூஷன் நடக்கும் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கும். "பத்தாம் வகுப்பு கணக்கு சொல்லித் தரப்படும்" என்று அதில் எழுதியிருக்கும். இப்போது அந்தப் பலகை பேஸ்புக்குக்குப் போய்விட்டது. ஆசிரியர் தம் பெயரில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். அதில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பெற்றோருக்கு நாலு வார்த்தை சொல்கிறார்.

வாசல் பலகை இரவும் பகலும் தொங்கும். பக்கம் அப்படி அல்ல. இன்று எழுதியது நாளை கீழே போய்விடும். ஆகவே, எந்த நேரத்தில் எழுதுவது, வாரத்துக்கு எத்தனை முறை எழுதுவது என்ற கேள்வி பிறக்கிறது.

பல ஆசிரியர்கள் இதற்குச் சுலபமாக விடை கண்டுவிடுகிறார்கள். கடைசி வகுப்பு முடிந்து, சாப்பிட்டு, இரவு பத்தரை மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதுவும் தினந்தோறும் எழுதுகிறார்கள். இந்த இரண்டுமே தவறு!

போன் யார் கையில்?

பத்தாம் வகுப்புப் பிள்ளையின் நாளைப் பாருங்கள். மாலை நாலு மணி சுமாருக்குப் பள்ளி விடுகிறது. ஐந்தரையிலிருந்து எட்டு வரை டியூஷன். பிறகு சாப்பாடு, வீட்டுப் பாடம். பல வீடுகளில் பிள்ளைக்கென்று தனியாகப் போன் இல்லை. இருப்பது அம்மாவின் போன் அல்லது அப்பாவின் போன். பேஸ்புக்கின் விதிப்படி 13 வயது ஆகாத பிள்ளை கணக்கு வைத்துக்கொள்ளவே கூடாது.

ஆகவே, பிள்ளைக்காக எழுதினாலும் முதலில் படிப்பவர் பெற்றோர்தான். அவர் எப்போது ஓய்வாக இருக்கிறார்? சமையலும் சாப்பாடும் முடிந்த பிறகு. அநேக வீடுகளில் அது இரவு எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை. மில்லில் இரவு முறை வேலை பார்ப்போர் நிறைந்த ஊரில் இந்த நேரம் மாறும்.

பத்தரை மணிக்கு ஒரு கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? "சார் கணக்கு போட்டிருக்கிறார்" என்று சொல்லிப் பிள்ளை போனைக் கையில் எடுக்கும். கணக்கு இரண்டு நிமிஷம். அதன் பிறகு ஒரு மணி நேரம் வேறு வேறு படம்! "சார், உங்கள் கணக்கால்தான் என் பையன் தூங்கவில்லை" என்று ஒரு தாய் சொன்னால், அதற்கு ஆசிரியரிடம் பதில் இருக்காது.

வகுப்பு இல்லை என்ற சேதி

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பேஸ்புக் எழுதிய வரிசையில் காட்டுவதில்லை. யாருக்கு எது பிடிக்கும் என்று அதுவே கணக்கிட்டு, வரிசையை மாற்றிக் காட்டுகிறது. 2018-ம் ஆண்டு ஜனவரியில், உறவினர், நண்பர் எழுதுவதற்கு முதலிடம் தரப்போவதாகவும் அறிவித்தது. அதனால் ஒரு பக்கத்தில் இன்று எழுதியது சிலருக்கு நாளைதான் கண்ணில் படும். சிலருக்குப் படவே படாது.

ஆகவே, "இன்று மாலை வகுப்பு இல்லை" என்ற சேதியைப் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. பிள்ளை மழையில் நனைந்து வந்து பூட்டிய கதவைப் பார்க்கும். அப்படிப்பட்ட சேதி வாட்ஸ்அப்பில் போக வேண்டும். அல்லது போனில் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்துப் படித்தாலும் பயன்படுவது எதுவோ, அதுதான் பக்கத்துக்கு ஏற்றது.

நான்கு வாரச் சோதனை

எட்டே முக்கால் நல்லதா, ஏழு மணி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிறர் சொல்வதை நம்ப வேண்டாம். நான்கு வாரத்தில் தாமே கண்டுபிடிக்கலாம்.

ஒரு பக்கத்தை 300 பேர் பின்தொடர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரே மாதிரியான கணக்கு ஒன்றைப் போட வேண்டும். முதல் வாரமும் மூன்றாம் வாரமும் மாலை 7 மணி. இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் இரவு 8.45. சரியாக இரண்டு நாள் கழித்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பக்கத்திலேயே காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வரிசையாக 62, 118, 70, 109 என்று வந்தால் விஷயம் தெளிவு. 8.45 போட்ட இரண்டு வாரமும் கூடியிருக்கிறது. ஆனால் 62, 118, 125, 66 என்று வந்தால்? நேரம் காரணம் அல்ல. ஏதோ ஒரு வாரத்துக் கணக்கு பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். 62, 66, 64, 68 என்று வந்தால் வித்தியாசமே இல்லை. தமக்கு வசதியான நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஏன் மாற்ற வேண்டும்? முதல் இரண்டு வாரம் 7 மணி, அடுத்த இரண்டு வாரம் 8.45 என்று வைத்தால், நடுவில் காலாண்டுத் தேர்வு வந்துவிடலாம். தேர்வால் கூடியதா, நேரத்தால் கூடியதா என்று அப்போது சொல்ல முடியாது.

லைக் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதிலும் பயன் இல்லை. மாமாவும் சித்தப்பாவும் லைக் போடுவார்கள். அவர்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இராது. எத்தனை பிள்ளைகள் விடை அனுப்பினார்கள், எத்தனை பெற்றோர் போன் செய்து விசாரித்தார்கள் என்பதையே எண்ண வேண்டும்.

ஏன் மூன்று நாள்?

செவ்வாய்க்கிழமை இரவு ஒரு கேள்வி. உதாரணமாக: 3, 7, 11, 15 என்று போகும் தொடரில் 20-வது எண் எது? வியாழக்கிழமை இரவு விடை. நடுவில் இரண்டு நாள் இருப்பதால், அம்மா போனில் பார்த்துச் சொன்னாலே போதும். பிள்ளை நோட்டில் போட்டுப் பார்க்கும், போன் தேவையில்லை.

பல பிள்ளைகள் 83 என்று எழுதும். 3-உடன் 20 தடவை 4-ஐக் கூட்டியிருக்கும். முதல் எண் ஏற்கெனவே இருப்பதால் 19 தடவைதான் கூட்ட வேண்டும், விடை 79. இந்தத் தவறு எங்கே நேர்கிறது என்பதை வியாழக்கிழமை காட்டினால், பெற்றோருக்கு ஆசிரியரின் திறமை தானே விளங்கும். விளம்பரம் வேறு வேண்டுமா?

ஞாயிறு மாலை பெற்றோருக்காக ஒரு சிறு குறிப்பு. ஆக மூன்று. ஒன்றைத் தயாரிக்க 40 நிமிஷம் ஆகிறது என்றால், வாரத்துக்கு 2 மணி. தினமும் எழுதினால் 4 மணி 40 நிமிஷம்! அந்த நேரம் விடைத்தாள் திருத்தும் நேரத்திலிருந்துதான் போகும்.

மூன்றையும் ஞாயிறு காலையிலேயே எழுதி, நேரம் குறித்து வைத்துவிடலாம். பக்கம் தானே வெளியிடும். ஆனால் மழைக்காலத்தில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். கலெக்டர் விடுமுறை விட்டுத் தேர்வு தள்ளிப்போன பிறகும், "நாளைத் தேர்வுக்கு வாழ்த்துகள்" என்று முன்பே குறித்து வைத்தது வெளிவந்து நிற்கும். மழை பெய்தால் குறித்து வைத்ததை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

மே, ஜூனில் தேர்வு முடிவும் பள்ளித் திறப்பும் வரும். எந்த டியூஷன் என்று பெற்றோர் தேடும் காலம் அது. அப்போது வாரம் ஐந்து போடலாம். பொதுத் தேர்வு நடக்கும் நாட்களில் ஒன்று போதும், அதுவும் பெற்றோருக்காக. தேர்வு எழுதும் பிள்ளையைப் போன் பக்கம் அழைக்கும் எதையும் அந்த நாட்களில் ஆசிரியர் எழுதாமல் இருப்பதே நல்லது.